நர்சம்மாவுக்கு விருது கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்து வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்களுக்கும், பரிந்துரைக் காகிதத்தைக் கடைசியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற அலுவலக உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் ஓர் அறக்கட்டளை, கிராமத்துக் களப்பணியாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது தருகிறது. பெரிய விருது இல்லை; பெயர் இங்கே வேண்டாம். வருகிற பரிந்துரைகளை முதலில் படித்து, எவை நடுவர்களிடம் போகலாம் என்று பிரித்து வைப்பது என் வேலை. அந்த மேஜையிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பரிந்துரைக்கிற கிராம சுகாதார செவிலியர்களில் பலர் உண்மையிலேயே விருதுக்கு உரியவர்கள். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அவர்களைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்புகிற தகுதியுரையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்த தாளில் பெயரை அழித்துவிட்டு மேலூர்க்காரர் பெயரை எழுதினாலும் அப்படியே பொருந்துகிறது. அப்படிப் பொருந்தினால் படிக்கிறவர் என்ன செய்வார்? கூட வந்திருக்கிற புகைப்படங்களைப் பார்ப்பார், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பார்ப்பார். இரண்டுமே அந்த அம்மாவின் வேலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

போன முறை வந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சேடபட்டிப் பக்கத்து ஒரு துணை சுகாதார நிலையம். எழுதிய டாக்டரிடமும் அந்தச் செவிலியரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர் விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன், ஆகவே இதில் வருகிற எண்களை யாரும் புள்ளிவிவரமாக எடுத்தாள வேண்டாம். முதலில் வந்த தகுதியுரை இப்படி இருந்தது:

"இவர் தன்னலமற்ற சேவை மனப்பான்மையும் கடமை உணர்வும் மிக்கவர். இரவு பகல் பாராது மக்கள் பணியாற்றி வருகிறார். தடுப்பூசிப் பணியில் 100 சதவீத இலக்கை எட்டியுள்ளார். கர்ப்பிணித் தாய்மார்களைத் தொடர்ந்து கண்காணித்து ரத்தசோகை ஒழிப்பில் சிறப்பாகப் பங்காற்றியுள்ளார். கொரோனா காலத்தில் தன் உயிரையும் பொருட்படுத்தாமல் பணிபுரிந்தார். அனைவரிடமும் அன்பாகப் பழகும் இவருக்கு விருது வழங்குவது சாலப் பொருந்தும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பின்தொடர்வது எல்லாம் அவர் சம்பளம் வாங்குகிற வேலை. இலக்கை எட்டியது நல்லதுதான். பக்கத்துத் துணை நிலையத்தவரும் எட்டியிருப்பார். கொரோனா வரியோ எனக்கு வருகிற எல்லாத் தாளிலும் இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு வரி, ரத்தசோகை பற்றியது. அதிலும் என்ன செய்தார் என்று இல்லை. "பங்காற்றியுள்ளார்" என்ற சொல்லுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். இளைஞர், மூன்று நிலையங்களுக்குச் சேர்த்துப் பொறுப்பு, பாவம் நேரம் இல்லை.

"சிஸ்டர் ரொம்ப நல்லா வேலை பார்ப்பாங்க சார்," என்றார்.

"அது சரி டாக்டர். அவங்க போன வருஷம் முழுக்க நீண்ட விடுப்பில் போயிருந்தா, உங்க நிலையத்துல எது நடக்காம போயிருக்கும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வெளியூர் போற கர்ப்பிணிங்க கதைதான் சார் நின்னுபோயிருக்கும்," என்றார். அந்தக் கதை ஒரு வரிகூட அவர் அனுப்பிய தாளில் இல்லை.

அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல, முறுக்கு வியாபாரத்துக்கும் பலகாரக் கடை போடவும் வெளி மாநிலங்களுக்குப் போகிறவை. கணவனும் மனைவியும் சேர்ந்தே போவார்கள். பெண் கருவுற்றதும் ஊரில் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிக்கொள்வார். பிறகு நான்கைந்து மாதம் ஆளைக் காணாது. எட்டாம், ஒன்பதாம் மாதம் பிரசவத்துக்குத் திரும்பும்போது ரத்த அளவு பார்த்தால் 8, 8.5 என்று இருக்கும். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 7 முதல் 9.9 வரை மிதமானது, 7க்குக் கீழே கடுமையானது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி ஏறும் என்று எதிர்பார்க்கலாம். ஏறவில்லை என்றால் இரும்பு ஊசிதான், அயர்ன் சுக்ரோஸ் என்பார்களே, அதைச் சொட்டு மருந்தாக நரம்பில் ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். ஒன்பதாம் மாதம் வந்து நிற்கிறவருக்கு அந்த அவகாசம் இருக்காது. ரத்த இருப்பு குறைவாக உள்ளவருக்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் ஆபத்து. ஐந்தாம் மாதத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடக்கூடியது, ஒன்பதாம் மாதத்தில் ராஜாஜி மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் போகிற விஷயமாகிவிடுகிறது.

இந்தச் செவிலியர் செய்தது இதுதான். பதிவு செய்ய வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊருக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், அங்கே யாருடைய தொலைபேசி எடுக்கும் என்று கேட்டு ஒரு தனி நோட்டில் எழுதினார். மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்கி, வெளியூர் போகிறவருக்கு மட்டும் மாத்திரையைப் பல மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார். தாய் சேய் அட்டையில் ரத்த அளவையும் தேதியையும் வெளி மாநில டாக்டருக்கும் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசி, இருக்கிற ஊரின் அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்க்கச் சொல்லி, அந்தச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வைத்தார். அப்புறம் ஒரு காரியம், எனக்கு மிகவும் பிடித்தது: எங்கே போனாலும் மாசிப் பச்சைக்கு அந்தக் குடும்பங்கள் குலசாமி கும்பிட ஊருக்கு வந்தாக வேண்டும். மகா சிவராத்திரியை ஒட்டி இரண்டு நாள், கோயிலுக்கு வருகிற கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்க்க ஏற்பாடு செய்தார்.

இப்போது சொல்லுங்கள், "இரவு பகல் பாராது" என்ற வரி இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

அடுத்து எண்கள். இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். டாக்டர் உற்சாகமாகி, "ரத்தசோகை 70 சதவீதம் குறைஞ்சிருச்சுன்னு போட்டுரலாமா சார்?" என்று கேட்டார். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்டேன். பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: முதல் ஆண்டு வெளியூர் போய்த் திரும்பியவர்கள் 21 பேர், அதில் பிரசவ நேரத்தில் 10க்குக் கீழே இருந்தவர்கள் 14 பேர். மறு ஆண்டு 23 பேர், அதில் 5 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்குச் சதவீதம் போட்டால், எதையோ பெரிதாகக் காட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் அனுபவமுள்ள நடுவர் நினைப்பார். 21இல் 14, 23இல் 5 என்று அப்படியே எழுதினால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார், நம்பவும் செய்வார். எந்த ஆண்டு, எந்தப் பதிவேடு, எந்த மாதத்தில் எடுத்த அளவு என்பதும் கூடவே வர வேண்டும். முதல் ஆண்டில் ஏழாம் மாத அளவையும் மறு ஆண்டில் பிரசவ நேரத்து அளவையும் ஒப்பிட்டிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

இன்னொன்றும் கேட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையே நிலையத்தில் வேறு ஏதாவது மாறியதா? மாறியிருந்தது. முதல் ஆண்டில் இரும்பு ஊசி மருந்து அடிக்கடி இருப்பில் இல்லை, மறு ஆண்டில் தடையின்றிக் கிடைத்தது. அப்படியானால் குறைந்ததில் எவ்வளவு நோட்டுப் புத்தகத்தால், எவ்வளவு ஊசியால்? பிரித்துச் சொல்ல முடியாது. முடியாததை மறைத்தால், குழுவில் ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ஆகவே அதையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டு எழுதச் சொன்னேன். அவருக்கு மட்டுமே உரியது என்று சொல்லக்கூடிய எண் வேறொன்று இருந்தது: வெளியூரில் இருக்கும்போதே இரண்டு முறையாவது ரத்தம் பார்த்தவர்கள் முதல் ஆண்டில் 21இல் 3, மறு ஆண்டில் 23இல் 19. ஊசி மருந்து வந்ததால் இது நடக்கவில்லை. அவர் பேசியதால் நடந்தது. ஆகவே இதை முன்னால் வைத்தோம், பிரசவ நேரத்து அளவைப் பின்னால் வைத்தோம்.

முடிவில் தயாரான தகுதியுரை இது:

"வியாபாரத்துக்காக வெளி மாநிலம் செல்லும் கர்ப்பிணிகள், பதிவுக்குப் பின் பல மாதங்கள் மருத்துவக் கண்காணிப்பிலிருந்து விடுபட்டு, பிரசவ நேரத்தில் ரத்தசோகையுடன் திரும்புவதை இவர் தம் பதிவேட்டிலிருந்து கண்டறிந்தார். அவர்கள் செல்லும் ஊர், திரும்பும் தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து, மருத்துவ அலுவலரின் அனுமதியுடன் பல மாத மாத்திரைகளைச் சேர்த்து வழங்கி, மாதந்தோறும் தொலைபேசியில் பேசி, இருக்கும் ஊரிலேயே ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். அங்கன்வாடிப் பணியாளரின் யோசனைப்படி, மாசிப் பச்சைக்கு ஊர் திரும்புவோருக்கு இரண்டு நாள் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்தார். 2022-23இல் வெளியூர் சென்ற 21 கர்ப்பிணிகளில் 3 பேர் மட்டுமே அங்கிருக்கும்போது இருமுறையாவது பரிசோதனை செய்திருந்தனர். 2023-24இல் 23 பேரில் 19 பேர் செய்துகொண்டனர். பிரசவ நேரத்தில் ஹீமோகுளோபின் 10க்குக் குறைவாக இருந்தோர் 14 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தனர். இதே காலத்தில் இரும்பு ஊசி மருந்து தடையின்றிக் கிடைத்ததும் இதற்கு உதவியது. பக்கத்துத் துணை நிலையங்கள் இரண்டு இப்போது இதே பதிவேட்டைப் பின்பற்றுகின்றன."

ஒரு "மிக்கவர்" இல்லை, ஒரு "அர்ப்பணிப்பு" இல்லை. ஆனால் இதை வேறொருவர் பெயரில் அனுப்ப முடியாது. முதல் வாக்கியத்தில் அவர் கண்ட பிரச்சினை இருக்கிறது, அடுத்ததில் அவர் கையால் செய்தது இருக்கிறது, பிறகு அதனால் மாறியது, கடைசியில் அவர் இல்லாவிட்டாலும் தொடரும் என்பதற்கு ஒரு தடயம். இந்த வரிசையை நான் சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் பிரச்சினையைச் சொல்லாமல் செயலை மட்டும் சொன்னால், படிக்கிறவருக்கு "நோட்டு எழுதியதற்கா விருது?" என்று தோன்றிவிடும்.

"செய்தது என்ன" என்பதை எவ்வளவு கூர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் "பிளாஸ்டிக்கில் ரோடு போட்டவர்" என்பார்கள். அது அடையாளத்துக்குச் சரி, தகுதியுரைக்குப் போதாது. அவருடைய முறையில், துருவிய கழிவுப் பிளாஸ்டிக் முதலில் சூடான ஜல்லிக் கல்மீது படலமாகப் படிகிறது, அதற்குப் பிறகுதான் தார் சேர்கிறது. பிளாஸ்டிக்கை நேரே தாரில் கலக்கும் வழியிலிருந்து இது வேறு. அந்த ஒரு வாக்கியம் வந்தால்தான் அவர் கண்டது என்ன என்று துறைக்காரருக்குத் தெரியும். உங்கள் செவிலியருக்கும் அப்படி ஒரு வாக்கியம் இருக்கும். அது பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும், சாதாரணமாகத் தோன்றுவதால் எழுதாமல் விட்டிருப்பீர்கள்.

இனி வாழ்க்கைக் குறிப்புக்கு வருகிறேன். பணிப்பதிவேட்டைப் பார்த்து அப்படியே இறக்குகிறீர்கள்: பிறந்த தேதி, தகப்பனார் பெயர், பணியில் சேர்ந்த நாள், தகுதிகாண் பருவம் முடிந்த நாள், இடமாறுதல் ஆணை எண்கள். இன்னும் சிலர் கணவர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது வரை எழுதுகிறார்கள். ஆண் ஊழியர்களின் குறிப்பில் மனைவி என்ன செய்கிறார் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன். நூறு வார்த்தைக் குறிப்பில் இடம்பெற வேண்டியது, தகுதியுரையில் சொன்ன வேலையை இவரால் ஏன் செய்ய முடிந்தது என்று விளக்குகிற தகவல்தான்.

அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் வெங்கடசாமியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. இது வாழ்க்கைக் குறிப்பில் வர வேண்டிய தகவலா? வெறும் நோய்க்கதையாக என்றால் வேண்டாம். ஆனால் அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டு அதையே தொழிலாக்கினார் என்பதால் அது கட்டாயம் வர வேண்டும், அவர் செய்த வேலையோடு ஒட்டிய தகவல் அது. இன்னொன்றும் கவனியுங்கள். அவர் பத்மஸ்ரீ பெற்றது 1973இல். பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. இன்று அவர் பெயரைச் சொன்னதும் நமக்கு நினைவு வருவது எதுவும் அந்த விருதின்போது கிடையாது. தகுதியுரை எழுதுகிறவர் கையில் இருப்பது அன்றுவரை நடந்த வேலை மட்டும்தான். "இனிமேல் இதை மாநிலம் முழுக்க விரிவுபடுத்த உள்ளார்" என்ற மாதிரி வரிகளை அடித்துவிடுங்கள்.

நம் செவிலியரின் குறிப்பு கடைசியில் இப்படி வந்தது:

"துணை செவிலியர் பயிற்சி முடித்து 2009இல் கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் திருமங்கலம் பகுதியிலும், பிறகு சேடபட்டி வட்டாரத்திலும் பணி. இடையில் கொரோனா காலத்தில் ஓராண்டு மதுரை நகரில் மாற்றுப்பணியில் இருந்தபோது, நோயாளிகளைத் தொலைபேசியில் பின்தொடரும் குழுவில் வேலை செய்தார். இவருடைய பெற்றோரும் பலகார வியாபாரத்துக்காக வெளி மாநிலம் சென்றுவந்தவர்கள். தற்போது ஐந்து கிராமங்களை உள்ளடக்கிய துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பில் உள்ளார்."

கொரோனா இங்கே எப்படி வந்திருக்கிறது பாருங்கள். "உயிரையும் பொருட்படுத்தாமல்" என்பது போய், தொலைபேசியில் பின்தொடரக் கற்றுக்கொண்ட இடமாக வந்திருக்கிறது. பெற்றோர் பற்றிய வரியும் அப்படித்தான். வறுமை, சிறு வயதுக் கஷ்டம் என்று பத்தி பத்தியாக எழுதி இரக்கம் தேடாதீர்கள். இந்த ஒரு வரி போதும். யாரிடம் எந்தத் தேதி கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது விளங்கிவிடுகிறது. சாதி எந்த வடிவத்திலும் வேண்டாம், "இந்தச் சமூகத்திலிருந்து முதன்முதலாக" என்ற பாராட்டு வடிவத்திலும்கூட வேண்டாம், அவராகவே விரும்பிக் கேட்டால் ஒழிய.

"முதன்முதலாக" என்றதும் ஞாபகம் வருகிறது. "மாவட்டத்திலேயே முதல்", "தமிழகத்திலேயே முன்மாதிரி" என்று எழுதுமுன், மற்ற வட்டாரங்களில் விசாரித்தீர்களா? மேலூர்ப் பக்கம் ஒருவர் பத்து வருடமாக இதே மாதிரி நோட்டு வைத்திருந்தால் உங்கள் தாளின் நம்பகத்தன்மை முழுவதும் அந்த ஒரு சொல்லில் போய்விடும். முதலாக இருப்பதால் யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

நோயாளிகள் பெயரும் படமும் ஒருபோதும் வேண்டாம். போன முறை ஒரு தாளில் கர்ப்பிணியின் பெயர், ஊர், பிக்மி எண் எல்லாம் "சான்றாக" இணைக்கப்பட்டிருந்தன. ரத்த அளவுப் பதிவேட்டின் நகல் வைக்க வேண்டுமானால் பெயர்ப் பத்தியை மறைத்து நகலெடுங்கள். மருத்துவ அலுவலர் ஒப்பமிட்ட சுருக்க அட்டவணை ஒரு பக்கம் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். நாளிதழ் நறுக்குகளை அடுக்காதீர்கள். முகாமில் யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்பதைத்தான் அவை பெரும்பாலும் சொல்கின்றன.

எந்த விருதுக்கு எழுதுகிறோம் என்பதையும் எழுதத் தொடங்கும் முன்னரே பார்த்துவிட வேண்டும். பணியில் இருக்கிற செவிலியருக்குப் பத்ம விருது கேட்டு எழுதி, அதே தாளை எங்களுக்கும் நகல் அனுப்புகிறவர்கள் உண்டு. பத்ம விருதுக்கு, பணியில் இருக்கும் அரசு ஊழியர்களில் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் மட்டுமே தகுதியுடையவர்கள். செவிலியருக்கு, அவர் பணியில் இருக்கும்வரை அந்தக் கதவு இல்லை. அவர்களுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973 முதல் இருக்கிறது, அதில் துணைச் செவிலியர்களுக்கும் இடம் உண்டு. ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பத்ம விருது கேட்பதாக இருந்தால் awards.gov.in தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். அங்கே தகுதியுரைக்கு 800 வார்த்தை வரம்பு. அந்த 800ஐ நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் விருதுக்கு 250 வார்த்தை, குறிப்புக்கு 100.

விருது கிடைத்துவிட்டால் மேடையில் வாசிக்க ஒன்று வேண்டும், அதற்கு இந்தத் தகுதியுரையை அப்படியே அனுப்பாதீர்கள். படிக்கிற கண்ணுக்கு 21இல் 3, 23இல் 19 என்பது நன்றாக இருக்கும். ஒலிபெருக்கியில் கேட்கிறவருக்கு அது ஒட்டாது. மேடைக்கு நான்கு வாக்கியம் போதும், அதில் ஒரே ஓர் எண்: "வெளியூரில் இருந்த 23 கர்ப்பிணிகளில் 19 பேரை அங்கேயே ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தவர்." அடுத்த ஆள் மேடையேறுவதற்குள் வாசித்து முடிந்துவிட வேண்டும். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், முதலெழுத்து எது என்று தொகுப்பாளருக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் தவறாமல் விட்டுவிடுகிற வேலை ஒன்று. எழுதி முடித்ததை அந்தச் செவிலியரிடம் காட்டுங்கள். "சர்ப்ரைஸா இருக்கட்டும் சார்" என்கிறார்கள். விருது செய்தி வேண்டுமானால் சர்ப்ரைஸாக இருக்கட்டும், தகவல்கள் அப்படி இருக்கக் கூடாது. நம் டாக்டர் காட்டினார். இரண்டு இடத்தில் அந்தச் சகோதரி திருத்தினார். சேடபட்டியில் தொடர்ச்சியாக இருந்ததாக எழுதியிருந்தோம். நடுவில் ஓராண்டு மதுரையில் மாற்றுப்பணி என்று சொன்னவர் அவர்தான். மற்றது, மாசிப் பச்சை யோசனை தன்னுடையது இல்லை, அங்கன்வாடி டீச்சர் சொன்னது என்றார். அதைச் சேர்த்தால் இவர் பெருமை குறைந்துவிடுமோ என்று டாக்டருக்குத் தயக்கம். சேர்த்தே ஆக வேண்டும் என்றேன். யார் யோசனை, யார் செய்தது என்று பிரித்து எழுதியிருக்கிற தாளைத்தான் நடுவர்கள் முழுதாக நம்புகிறார்கள். போதாததற்கு, அந்த ஊரில் அந்த டீச்சரும்தானே விருது விழாவுக்கு வருவார்.

இந்த ஆண்டு அனுப்பும்போது உறையின் மேல் அலுவலக எண்ணைப் போடாமல், தகுதியுரையை உண்மையில் எழுதியவர் யாரோ அவருடைய கைபேசி எண்ணைப் போடுங்கள். அலுவலக எண்ணில் அழைத்தால் டாக்டர் முகாமில் இருக்கிறார் என்கிறார்கள், என் கேள்விகள் தங்கிவிடுகின்றன.

அன்புடன்,
உங்கள் தாள்களை முதலில் படிக்கிறவன்,
மதுரை